ஏழாம் எண் மூடி: பிறையில் ஒரு சமையல்கூடத்திலிருந்து போன புகார்க் கடிதம்

என் அக்கா மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறை என்ற ஊரில் சின்னதாக ஒரு கேட்டரிங் நடத்துகிறார். தினமும் மதியம் தொழிற்சாலைகளுக்குச் சாப்பாடு போகும், வார இறுதியில் பிறந்தநாள், காதுகுத்து, அன்னதானம் என்று ஏதாவது வரும். சாம்பாரும் குழம்பும் 750 மில்லி பிளாஸ்டிக் டப்பாவில்தான் போகும், மூடியை நான்கு மூலையிலும் அழுத்தினால் 'டக்' என்று உட்காருமே, அந்த வகை. 500 செட் கொண்ட பெட்டி ஒன்று 150 வெள்ளி, அதாவது ஒரு செட் 30 சென். நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஆறு பெட்டி வரும், 900 வெள்ளி, முப்பது நாள் கடன். சப்ளையர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. தமிழர், அக்காவுக்கு நன்கு பழக்கமானவர். அக்கா அவரை அண்ணே என்பார், அவர் தங்கச்சி என்பார்.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் வேலை செய்கிறேன். வெளியிலிருந்து வரும் பாகங்களைப் பரிசோதித்து, சரியில்லாததைத் திருப்பி அனுப்புவதுதான் தினசரி வேலை. ஆனாலும் அக்காவின் பிரச்சினை மூன்றாவது டெலிவரி வரைக்கும் என் காதுக்கு ஒழுங்காக வரவில்லை.

மார்ச் 4-ம் தேதி வந்த சரக்கில்தான் தொடங்கியது. சாம்பார் ஒழுகுகிறது என்று இரண்டு வாடிக்கையாளர்கள் சொன்னார்கள், அக்கா மார்ச் 9 அன்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார்: "அண்ணே, மூடி சரியில்ல, ரொம்ப ஒழுகுது, அடுத்த தடவை பாத்து அனுப்புங்க." பதில் அன்றைக்கே வந்தது: "சரி தங்கச்சி, கம்பெனில சொல்றேன்." அப்புறம் ஏப்ரல் 1-ம் தேதி அடுத்த ஆறு பெட்டி, அதே கதை. இந்த முறை அக்கா ஒழுகின டப்பாவைப் படம் எடுத்து ஏப்ரல் 6 அன்று அனுப்பினார். "சூடா ஊத்தி உடனே மூடுறீங்களா? கொஞ்சம் ஆற விட்டு மூடுங்க தங்கச்சி" என்று பதில். அக்காவுக்கும் ஒருவேளை நம் பக்கம்தான் தப்போ என்று தோன்றிவிட்டது, ஏனென்றால் சூடாகத்தான் ஊற்றுகிறார்கள், பதினொன்றரைக்கு வேன் கிளம்ப வேண்டும். ஏப்ரல் 18 அன்று ஒரு பிறந்தநாள் விருந்துக்குப் போன நாற்பது டப்பாவில் ஐந்தாறு காருக்குள்ளேயே கொட்டி, சீட்டெல்லாம் குழம்பாகி, அக்கா 240 வெள்ளியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஏப்ரல் 29-ல் மூன்றாவது முறையும் ஆறு பெட்டி வந்து இறங்கியபோதுதான் எனக்கு போன் செய்தார்.

மறுநாள் மாலை போனபோது அக்கா ஏற்கெனவே ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார். நான்கு பக்கம். எத்தனை வருடப் பழக்கம், எவ்வளவு நம்பினோம், இப்படி ஏமாற்றலாமா, பிள்ளைகள் படிப்புச் செலவு இதிலிருந்துதான் வருகிறது, எல்லாம் இருந்தது. எல்லாமே உண்மை. ஆனால் எந்தத் தேதியில் எத்தனை மூடி கெட்டது, இப்போது அவர் என்ன செய்ய வேண்டும் என்ற இரண்டும் அதில் எங்கேயும் இல்லை. 'தரமில்லாத பொருள்' என்று ஏழு இடத்தில் இருந்தது, எப்படித் தரமில்லை என்று ஓரிடத்திலும் இல்லை. இதைப் படிக்கிறவர் மனம் நோகும், கோபமும் வரும், ஆனால் அவர் தொழிற்சாலைக்கு போன் போட்டு என்ன சொல்வார்? அவர் விநியோகஸ்தர், மூடி செய்கிறவர் இல்லை. அவர் கையில் கொடுத்து அவர் மேலே அனுப்பக்கூடிய ஒன்று அந்தக் கடிதத்தில் வேண்டும்.

மே 1 தொழிலாளர் தினம், எனக்கும் விடுமுறை, சமையல்கூடமும் மூடியிருந்தது. காலையில் ஆறு பெட்டியையும் பிரித்தோம். ஒவ்வொரு பெட்டியிலும் பத்து உறை, உறைக்கு ஐம்பது மூடி. ஒரே உறையிலிருந்து ஐம்பதையும் எடுத்தால் எளிது, ஆனால் அந்த ஒரு உறை மட்டும் நல்லதாகவோ கெட்டதாகவோ இருந்துவிட்டால் பெட்டி முழுவதும் அப்படித்தான் என்று தப்புக் கணக்குப் போட்டுவிடுவோம். அதனால் உறைக்கு ஐந்து வீதம் எடுத்தோம். பெட்டிக்கு ஐம்பது, மொத்தம் முந்நூறு.

சோதனை ரொம்ப எளிது. டப்பாவில் 600 மில்லி குழாய்த் தண்ணீர், மூடியை நான்கு மூலையிலும் அழுத்துவது, தலைகீழாகக் கவிழ்த்து, பழைய செய்தித்தாளுக்கு மேலே முப்பது வினாடி பிடிப்பது. தாளில் ஈரம் பட்டால் தோல்வி. குழாய்த் தண்ணீரைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம், 'சூடா ஊத்துறீங்க' என்ற அந்தப் பதில். சூடான குழம்பை ஊற்றி உடனே மூடினால் ஆவி மூடியைத் தூக்கும், அது உண்மைதான், அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் குளிர்ந்த தண்ணீரிலேயே ஒழுகுகிறது என்றால் சூட்டைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

முந்நூறில் 38 ஒழுகியது.

அந்த முப்பத்தெட்டையும் மேசையில் பரப்பி வைத்துவிட்டு, ஒன்றை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பினேன். மூடியின் உள்பக்கம், நடுவில், கடுகளவுக்கு ஓர் எண் புடைத்திருக்கும். வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்தால்தான் தெரியும். பிளாஸ்டிக் மூடியை ஒன்று ஒன்றாகச் செய்வதில்லை, ஒரு அச்சில் பல குழிகள் இருக்கும், உருகிய பிளாஸ்டிக்கை ஒரே நேரத்தில் எல்லாக் குழிக்கும் செலுத்துவார்கள், எந்தக் குழியில் பிறந்த மூடி என்று தெரிவதற்காக ஒவ்வொன்றிலும் ஓர் எண் வெட்டியிருப்பார்கள். கையில் இருந்தது 7. அடுத்ததும் 7. அதற்கடுத்ததும். முப்பத்தெட்டும் ஏழு. ஒழுகாத 262 மூடிகளைப் புரட்டினால் 1 முதல் 8 வரை எண்கள் இருந்தன, ஏழு மட்டும் இல்லவே இல்லை.

முந்நூறை எட்டால் வகுத்தால் முப்பத்தேழரை. எட்டுக் குழி அச்சில் ஒரே ஒரு குழி கெட்டுப்போனால் எட்டில் ஒரு மூடி ஒழுகும், நமக்கு வந்த கணக்கும் அதுதான். அக்காவுக்கு இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவே இல்லை. இரண்டு மாதமாக மூடியைச் சரியாக அழுத்தவில்லை என்று வேலைக்கு வரும் பெண்ணைத் திட்டியிருக்கிறார்.

இன்னும் இரண்டு விஷயம் பார்த்தோம். ஏழாம் எண் மூடியை வேறு வேறு டப்பாவில் போட்டுப் பார்த்தோம், எல்லாவற்றிலும் ஒழுகியது. அதே டப்பாக்களில் மூன்றாம் எண் மூடியைப் போட்டால் ஒழுகவில்லை. ஆக, கோளாறு மூடியில், டப்பாவில் இல்லை. அப்புறம் மூடியைக் கண்ணாடி மேசையில் வைத்தோம். நல்ல மூடி சுற்றிலும் படிந்து உட்கார்ந்தது. ஏழாம் எண்ணில் ஒரு மூலை தூக்கி நின்றது, அந்த இடைவெளியில் ஒரு 10 சென் காசு தடையில்லாமல் நுழைந்தது. காசு நுழைந்து நிற்பதை அப்படியே படம் எடுத்தேன். குழி தேய்ந்துவிட்டதா, அல்லது அந்தக் குழி மட்டும் சரியாகக் குளிராமல் மூடி சூட்டோடு வெளியே வந்து வளைகிறதா என்று எங்களால் சொல்ல முடியாது, அது தொழிற்சாலை பார்க்க வேண்டியது. கடிதத்தில் அதைப் பற்றி ஊகம் எதுவும் எழுதவில்லை. நாம் ஊகித்தது தப்பாகிப்போனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிடுவார்கள்.

இனி எதைக் கேட்பது என்ற பேச்சு வந்தது, அதில்தான் அக்காவும் நானும் நெடுநேரம் வாதாடினோம். அக்காவுக்கு மூன்று டெலிவரிக்கும் பணம் வேண்டும். நான் மார்ச் சரக்குக்குக் கேட்க வேண்டாம் என்றேன். அந்த மூவாயிரம் செட்டும் பயன்படுத்தியாகிவிட்டது, எத்தனை ஒழுகியது என்று யாரும் எண்ணவில்லை, ஒரு மூடிகூட எடுத்து வைக்கவில்லை, பணமும் குறிப்பு எதுவும் இல்லாமல் கட்டியாகிவிட்டது. நிரூபிக்க முடியாத ஒன்றைக் கேட்டால் நிரூபிக்க முடிந்த மற்ற இரண்டும் சேர்ந்து பலவீனப்படும். ஆனால் மார்ச் தேதியைக் கடிதத்திலிருந்து எடுத்துவிடவும் கூடாது, ஏனென்றால் அப்போதே சொல்லியிருக்கிறோம், அவரும் சரி என்றிருக்கிறார், அந்த வாட்ஸ்அப் செய்தி இருக்கிறது. பணம் கேட்பதற்காக இல்லை, இது எத்தனை நாளாக நடக்கிறது என்று காட்டுவதற்காக.

ஏப்ரல் 1 சரக்கில் அதிர்ஷ்டவசமாக ஒரு நல்ல காரியம் நடந்திருந்தது. ஒழுகும் மூடிகளை, வேலைக்கு வரும் அந்தப் பெண் குப்பையில் போடாமல் ஒரு கறுப்புப் பைக்குள் போட்டு வைத்திருந்தாள், எண்ணிப் பார்த்தால் 340. எல்லாமே ஏழு. 340-ஐ 30 சென்னால் பெருக்கினால் 102 வெள்ளி. மூடி மட்டும்தானே கெட்டது, டப்பா நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்கலாம். மூடியில்லாத டப்பாவை நாங்கள் வாங்கவில்லை, செட்டாகத்தான் விலை.

சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். யாரோ அக்காவிடம் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகச் சொல்லியிருந்தார்கள். 1999-ம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொந்த, வீட்டுத் தேவைக்கு வாங்குகிறவருக்கானது. சாப்பாட்டோடு சேர்த்து விற்பதற்காக டப்பா வாங்கும் சமையல்கூடம் அதில் வராது. அங்கே போவேன் என்று கடிதத்தில் மிரட்டியிருந்தால் விஷயம் தெரிந்தவர் கண்டுகொள்ளவே மாட்டார். இதற்குப் பொருந்துவது 1957-ம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டம். மாதிரி காட்டி விற்றால் சரக்கு அந்த மாதிரியின் தரத்தில் இருக்க வேண்டும் என்று 17-வது பிரிவு சொல்கிறது. எங்களிடம் அந்த மாதிரியே இருந்தது! ஜனவரியில் அவர் கொடுத்த இரண்டு டப்பாவில் அக்கா மிளகாய் வற்றலும் கடுகும் போட்டு அலமாரியில் வைத்திருந்தார், மூடிகள் 2, 5, இரண்டும் ஒழுகவில்லை. அப்புறம் 42-வது பிரிவு: வேண்டாம் என்று சொல்லாமல் நியாயமான காலத்துக்கு மேல் சரக்கை வைத்துக்கொண்டிருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே ஆகிவிடும். அதன் பிறகும் நஷ்டத்தைக் கேட்கலாம், ஆனால் சரக்கைத் திருப்பித் தள்ள முடியாது. ஏப்ரல் 29 சரக்குக்கு மே 2-ம் தேதியே கடிதம் போக வேண்டும் என்று நான் அவசரப்பட்டது இதனால்தான்.

டி.ஓ., அதாவது சரக்கோடு வரும் டெலிவரி ஆர்டர் தாள், அந்த விஷயம் ஒன்று பாக்கி. லோரிக்காரர் நீட்டும் டி.ஓ.வின் அடியில் 'சரக்கு நல்ல நிலையில் பெறப்பட்டது' என்று அச்சிட்டிருக்கும், அதில் அக்கா மூன்று முறையும் கையெழுத்துப் போட்டு சாப்பும் குத்தியிருக்கிறார். இதைக் காட்டி மறுப்பார்களோ என்று பயந்தார். பரிசோதிக்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும் வரை ஏற்றுக்கொண்டதாகக் கருதக்கூடாது என்று 41-வது பிரிவில் இருக்கிறது, லோரி வாசலில் எஞ்சினை அணைக்காமல் நிற்கும்போது மூடியைக் கவிழ்த்துப் பார்க்க யாருக்கும் வாய்ப்பு இல்லை. ஆனாலும் வாதாட்டமே வேண்டாம் என்று, அன்றிலிருந்து கையெழுத்துக்குப் பக்கத்தில் 'பெலும் டிபெரிக்சா', இன்னும் பரிசோதிக்கவில்லை, என்று மலாயில் எழுதச் சொல்லிவிட்டேன்.

கடிதம் ஆங்கிலத்தில் போனது, தொழிற்சாலைக்கு அவர் அப்படியே அனுப்ப வசதியாக. தமிழில் இது:

"பொருள்: 750 மில்லி டப்பா மூடிகள், மார்ச் 4, ஏப்ரல் 1, ஏப்ரல் 29 டெலிவரிகளில் ஒரே குறைபாடு.

ஜனவரியில் நீங்கள் கொடுத்த மாதிரியைப் பார்த்து இந்த டப்பாவை ஆர்டர் செய்தோம். அந்த மாதிரி இன்னும் எங்களிடம் உள்ளது, ஒழுகவில்லை. மார்ச் 4 வந்த சரக்கில் மூடி ஒழுகுவதை மார்ச் 9 அன்று வாட்ஸ்அப்பில் தெரிவித்தோம், தொழிற்சாலையிடம் சொல்வதாகப் பதிலளித்தீர்கள். ஏப்ரல் 1 வந்த சரக்கிலும் அதே குறை, ஏப்ரல் 6 அன்று படத்துடன் தெரிவித்தோம். அந்தச் சரக்கில் ஒழுகிய 340 மூடிகளை எடுத்து வைத்திருக்கிறோம். ஏப்ரல் 29 வந்த ஆறு பெட்டிகளிலிருந்து பெட்டிக்கு 50 வீதம் 300 மூடிகளை மே 1 அன்று குழாய்த் தண்ணீரில் சோதித்தோம், 38 ஒழுகின. ஒழுகிய மூடிகள் எல்லாவற்றிலும் அச்சு எண் 7 உள்ளது. மற்ற எண்களில் ஒன்றுகூட ஒழுகவில்லை. படங்களும் பெட்டிகளின் லேபிளும் இணைப்பில் உள்ளன. மூடிகளை நேரில் வந்து பார்க்கலாம், எடுத்தும் செல்லலாம்.

ஏப்ரல் 29 சரக்கை நாங்கள் ஏற்கவில்லை. சோதித்ததைத் தவிர எதையும் பயன்படுத்தவில்லை. உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு, ஏழாம் எண் மூடி இல்லாத ஆறு பெட்டிகளை மே 16-க்குள் தர வேண்டும், அல்லது 900 வெள்ளிக்கு கிரெடிட் நோட் தர வேண்டும். ஏப்ரல் 1 சரக்கின் 340 செட்டுக்கு 102 வெள்ளி கிரெடிட் நோட் தர வேண்டும். ஏப்ரல் 18 அன்று ஒழுகலால் வாடிக்கையாளருக்குத் திருப்பித் தந்த 240 வெள்ளியையும் கோருகிறோம், வங்கிப் பரிமாற்ற ரசீது இணைப்பில் உள்ளது. மார்ச் 4, ஏப்ரல் 1 இன்வாய்ஸ்கள் முழுமையாகக் கட்டப்பட்டுவிட்டன. ஏப்ரல் 29 இன்வாய்ஸை மட்டும், இது தீரும் வரை, நிறுத்தி வைத்திருக்கிறோம்.

மே 9-க்குள் எழுத்தில் பதில் தேவை. தீராவிட்டால் அடுத்த ஆர்டர்களை வேறு இடத்தில் கொடுத்துவிட்டு, 1957 பொருள் விற்பனைச் சட்டப்படி எங்கள் கோரிக்கையைத் தொடர்வோம்."

அவ்வளவுதான், ஒரு பக்கம். இன்வாய்ஸ் எண்களை இங்கே எடுத்துவிட்டேன், அசலில் ஒவ்வொரு தேதிக்குப் பக்கத்திலும் இருந்தன. மின்னஞ்சலில் அனுப்பி, பதிவுத் தபாலிலும் போட்டு, வாட்ஸ்அப்பில் அக்கா ஒரே ஒரு வரி எழுதினார்: "அண்ணே, ஒரு கடிதம் அனுப்பியிருக்கேன், பாருங்க." பழக்கத்தை வாட்ஸ்அப்பிலும் வியாபாரத்தைக் கடிதத்திலும் பிரித்து வைத்தது அக்காவின் யோசனை, என் யோசனை இல்லை, அது நல்ல யோசனை.

மே 5 அன்று அவரே நேரில் வந்தார். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தார், "நேர்ல சொல்லியிருக்கலாமே தங்கச்சி" என்றார். அக்கா ஒன்றும் சொல்லாமல் அந்தக் கறுப்புப் பையை அவிழ்த்துக் காட்டினார். அவர் ஒரு மூடியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், இன்னொன்று, இன்னொன்று, பத்துப் பன்னிரண்டு பார்த்திருப்பார். காசை நுழைத்தும் பார்த்தார். பத்து மூடியை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.

மே 8 எழுத்தில் பதில் வந்தது. தொழிற்சாலை ஏழாம் குழியில் கோளாறு இருப்பதை ஒப்புக்கொண்டிருக்கிறது, அந்தக் குழியை அடைத்துவிட்டு மற்ற ஏழில் ஓட்டுகிறார்கள். பெட்டிகளைத் திருப்பி எடுப்பதற்குப் பதிலாகப் புது மூடி மூவாயிரம் தருகிறோம், டப்பா நல்லதுதானே என்று கேட்டார். நாங்கள் கேட்டது அது இல்லை, ஆனால் டப்பாவில் கோளாறு இல்லை என்று நாங்களே நிரூபித்திருந்தோம், அதனால் ஒத்துக்கொண்டோம். 102 வெள்ளிக்கு கிரெடிட் நோட் வந்தது. 240 வெள்ளியை மறுத்துவிட்டார். பிறந்தநாள் விருந்தின் நஷ்டத்துக்குத் தான் பொறுப்பில்லை என்றார். ஏப்ரல் 6 அன்று ஒழுகல் தெரிந்த பிறகும் அக்கா அதே மூடியில் ஏப்ரல் 18 ஆர்டரை அனுப்பியிருக்கிறார், வழக்கு என்று போனால் அந்தக் கேள்வி வரும், எங்களிடம் அதற்கு நல்ல பதில் இல்லை. விட்டுவிட்டோம். மூடிகள் மே 14 வந்தன, அன்றைக்கே 900 வெள்ளியிலிருந்து 102 கழித்து 798 கட்டினார் அக்கா.

ஜூனில் வந்த பெட்டிகளில் எடுத்துச் சோதித்த மூடிகளில் ஒன்றில்கூட ஏழு இல்லை. ஆகஸ்டில் மறுபடி ஏழு வந்தது, அச்சைச் சரிசெய்துவிட்டார்களாம். அக்கா அதை மட்டும் தனியாக ஐம்பது பொறுக்கியெடுத்துத் தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்தார். செய்தித்தாள் காய்ந்தே இருந்தது.